பதின்மூன்று சனிக்கிழமைகள்

அந்த அப்பா எழுதி வைத்திருந்த கடிதம் ஒன்றரைப் பக்கம். "தாங்கள் பெரிய மனது வைத்து" என்பது மூன்று இடத்தில் வந்தது. அமெரிக்க ஆர்டர் நின்றுபோனது, கம்பெனியில் ஷிப்ட் குறைந்தது, அம்மாவுக்குச் சர்க்கரை, மகள் வகுப்பில் நன்றாகப் படிப்பது, எல்லாம் இருந்தது. எவ்வளவு பாக்கி, அதில் எவ்வளவைக் குறைக்கச் சொல்கிறார், எவ்வளவு தன்னால் கட்ட முடியும் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. கடைசி வரி இப்படி முடிந்திருந்தது: "தாங்கள் பார்த்து எது செய்தாலும் சரி."

திருப்பூர்ப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியின் கட்டணக் கவுன்ட்டரில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். இப்படி முடியும் கடிதங்களை நூற்றுக்கணக்கில் வாங்கிக் கோப்பில் சேர்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு "சரி" என்றோ "முடியாது" என்றோ யாரும் பதில் எழுதவில்லை. படித்தவர்களுக்கு மனம் இல்லாமல் இல்லை. என்ன பதில் எழுதுவது என்று அந்தக் கடிதமே சொல்லவில்லை.

பெற்றோருக்குப் பெரும்பாலும் தெரியாத ஒன்றை முதலில் சொல்கிறேன். கடிதத்தின் மேல் முதல்வர் பெயர் இருந்தாலும், பணத்தைக் குறைக்கும் அதிகாரம் அநேகப் பள்ளிகளில் முதல்வரிடம் இல்லை, தாளாளரிடம் இருக்கிறது. கவுன்ட்டரில் கடிதத்தை வாங்குபவர் அந்தப் பிள்ளையின் கட்டணக் கணக்கை எடுத்துப் பார்த்து, ஓரத்தில் பாக்கித் தொகையைப் பென்சிலில் குறித்து முதல்வரிடம் அனுப்புவார். முதல்வர் வாரத்தில் ஒரு நாளோ மாதத்தில் இரண்டு முறையோ இப்படி வந்தவற்றை மொத்தமாக எடுத்துக்கொண்டு தாளாளர் அறைக்குப் போவார். ஒரு கடிதத்துக்கு அங்கே கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அப்போது நீங்கள் அந்த அறையில் இருக்க மாட்டீர்கள். உங்களுக்காகப் பேச அந்தத் தாள் மட்டும்தான் இருக்கும். தாளாளர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு கேக்கறாங்க?" அதற்கு முதல்வரால் ஒரு எண்ணைச் சொல்ல முடிந்தால் பேச்சு நகரும். முடியாவிட்டால், "நேர்ல வரச் சொல்லுங்க" என்பதோடு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார்கள்.

முதலில் சொன்ன கடிதத்தோடு அந்தக் குடும்பம் 2025 நவம்பரில் என்னிடம் வந்தது. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் இங்கே வேண்டாம். தொகைகளை அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். அப்பா பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லர். அம்மா வீட்டிலேயே பீஸ் கணக்கில் பிசிர் வெட்டிக் கொடுக்கிறார். மகள் எட்டாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. கூட அப்பாவின் அம்மா. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து வருடக் கட்டணம் 50,000 ரூபாய். ஜூனில் 20,000 கட்டியாயிற்று. மீதி 30,000 நிற்கிறது.

அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 2025 ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதமும், ஆகஸ்ட் 27 முதல் மொத்தம் 50 சதவீதமும் கூடுதல் வரி போட்டது. திருப்பூர் ஏற்றுமதிக்கு அமெரிக்கா மிகப் பெரிய சந்தை. யாரையும் வேலையை விட்டு அனுப்பாத கம்பெனிகளிலும் ஷிப்ட் குறைந்தது. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். இரவு வரை நின்றால் ஒன்றரை. ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் வாரத்துக்கு ஒன்பது. டெய்லர் வீடுகளில் வாடகையும் வட்டியும் பள்ளிக் கட்டணமும் அந்த ஒன்பதை நம்பித்தான் ஓடுகின்றன. ஆளுக்கு வேலை இருந்தது, ஷிப்ட் கூலியும் குறையவில்லை, ஆனால் ஒன்பது ஐந்தாகிவிட்டது. இதைப் பள்ளிக்கு எப்படிக் காட்டுவது?

முதலில் அவர் கம்பெனியில் ஒரு கடிதம் வாங்கி வந்திருந்தார். "மேற்படி நபர் எங்களிடம் ஷிப்ட் ஒன்றுக்கு ரூ.560 கூலியில் பணிபுரிகிறார்" என்று இருந்தது. அதில் எழுதியிருப்பது அத்தனையும் உண்மை. ஆனால் இந்தக் கடிதம் அவருக்கே எதிராகப் பேசும். பள்ளி அலுவலகத்தில் அதைப் பார்ப்பவர் 560ஐ 26 நாளால் பெருக்கி 14,560 என்று போடுவார். திருப்பூர் வழக்கம் தெரிந்தவராக இருந்தால் ஒன்றரை ஷிப்டுக்குப் போட்டு 21,840 என்பார். போன வருடம் கூலி 540தான், இப்போது 560 என்பது தெரிந்தால், "சம்பளம் ஏறியிருக்கே" என்றும் கேட்பார். கூலி ஏறியதும் நிஜம், வருமானம் குறைந்ததும் நிஜம். எத்தனை ஷிப்ட் என்ற கணக்கு இல்லாத வருமானச் சான்று வாரக்கூலிக் குடும்பத்துக்கு உதவாது.

வட்டாட்சியர் தரும் வருமானச் சான்றிதழிலும் இதே சிக்கல் இருக்கிறது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக அது கிடைக்கும். அதில் ஆண்டு வருமானம் என்று ஒற்றை எண் இருக்கும். உதவித்தொகைக்கும் அரசுத் திட்டங்களுக்கும் அது அவசியம். மூன்று மாதமாகத்தான் வருமானம் விழுந்திருக்கிறது என்பதை அந்த ஒற்றை எண் காட்டாது. பள்ளி கேட்டால் இணைக்கலாம், ஆனால் கடிதம் அதை நம்பி நிற்கக் கூடாது.

பிறகு எதை நம்புவது? அவர் மனைவியின் கைப்பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளக் கவர் வந்ததும் எத்தனை ஷிப்ட், எவ்வளவு பணம் என்று அந்த அம்மா குறித்து வைத்திருக்கிறார். கம்பெனி கணக்கில் ஷிப்ட் விட்டுப்போனால் திங்கட்கிழமை கேட்பதற்காக எழுதியது. பள்ளிக்குக் கொடுக்க அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

வாரக்கூலியை மாதக் கணக்காக மாற்றும்போது எல்லோரும் நான்கால் பெருக்குகிறார்கள். வருடத்துக்கு 52 வாரம். நான்கால் பெருக்கினால் வருடத்தில் நான்கு வாரம் கணக்கிலிருந்து விழுந்துவிடும். சரி, 52ஐப் பிடித்துக்கொண்டால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கம்பெனி பூட்டிக் கிடக்கும் வாரங்கள் வருமானமாக ஏறிவிடும். இரண்டு தவறையும் தவிர்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. மூன்று மாதம் என்பது பதின்மூன்று வாரம். கடைசிப் பதின்மூன்று சனிக்கிழமை கையில் வந்த பணத்தைக் கூட்டி மூன்றால் வகுத்தால் உண்மையான மாதச் சராசரி கிடைக்கும். விடுமுறை வாரம் இருந்தால் அது பூஜ்யமாகத் தானே உள்ளே வந்துவிடும்.

ஆகஸ்ட் 16 முதல் நவம்பர் 8 வரை அவருடைய ஷிப்ட் கணக்கு இது: 7, 6, 5, 5, 5, 4, 5, 5, 6, 6, 0, 2, 4. அந்தப் பூஜ்யம் தீபாவளி வாரம். மொத்தம் 60 ஷிப்ட். 560 ரூபாய் வீதம் 33,600. மூன்றால் வகுத்தால் மாதம் 11,200. போன வருடம் இதே பதின்மூன்று வாரத்தில் 105 ஷிப்ட், 540 வீதம் 56,700, மாதம் 18,900. அந்த அம்மாவின் பிசிர் வெட்டும் கூலியையும் இதே போலப் பார்த்தோம். போன வருடம் மாதம் 3,000 வந்தது, இப்போது 1,400. வேலை குறைந்தபோது கம்பெனி அதை உள்ளே இருக்கும் ஆட்களுக்கே கொடுத்துவிட்டது.

ஒரே ஒரு மாத வருமானத்தை மட்டும் எழுதினால் அது ஏழ்மையைச் சொல்லும். சென்ற ஆண்டையும் இந்த ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன நடந்தது என்று சொல்லும். மூன்று வருடமாக ஒழுங்காகக் கட்டணம் கட்டிய குடும்பம் ஏன் திடீரென்று கேட்கிறது என்பதுதான் தாளாளருக்கு வரும் சந்தேகம். சென்ற ஆண்டுக் கணக்கு இல்லாமல் அதற்குப் பதில் கிடையாது.

செலவுப் பக்கத்துக்கு வந்தபோது அந்த அம்மாவுக்குக் கூச்சம் வந்துவிட்டது. "ஏனுங்க்கா, குழுக்கடனையெல்லாமா எழுதோணும்? பள்ளிக்கோடத்துல என்ன நெனைப்பாங்க?" என்றார். எழுத வேண்டும் என்றேன். எழுதாவிட்டால் அந்த 1,600 ரூபாய் மிச்சம் போலத் தெரியும். போன் ரீசார்ஜை விட்டுவிடலாமா என்று அப்பா கேட்டார். எந்த வீட்டிலும் இருக்கிற செலவு பட்டியலில் இல்லாவிட்டால், படிப்பவருக்கு மற்ற வரிகள் மீதும் நம்பிக்கை போய்விடும். மகளிர் உரிமைத்தொகை இந்த வீட்டுக்கு வரவில்லை. வருகிற வீடாக இருந்தால் அந்த 1,000 ரூபாயை வருமானத்தில் காட்டியே ஆக வேண்டும்.

சீட்டு விஷயத்தில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். எடுத்த சீட்டு கடன், அதை மாதச் செலவில் எழுதலாம். எடுக்காத சீட்டு சேமிப்பு. சேமிப்பைச் செலவாக எழுதிவிட்டு, "கையில் ஒன்றும் நிற்கவில்லை" என்று சொன்னால், கணக்குத் தெரிந்த தாளாளர் அந்த வரியில் விரலை வைப்பார். இவர்கள் போன வருடம் மாதம் 1,500 ரூபாய் எடுக்காத சீட்டுக் கட்டி வந்தார்கள். ஜூனில் அதை எடுத்துத்தான் முதல் தவணைக் கட்டணம் கட்டியிருக்கிறார்கள், சீட்டும் அதோடு முடிந்தது. ஆகவே அது பட்டியலில் வரவில்லை, கடிதத்தில் ஒரு வரியாக வந்தது.

சிலிண்டர், மின்சாரம் போன்றவை மாதா மாதம் வருவதில்லை. சிலிண்டர் 900 ரூபாய், நாற்பத்தைந்து நாள் வருகிறது என்றால் மாதத்துக்கு 600. வீட்டுக்கு முதல் நூறு யூனிட் இலவசம்தானே என்று பள்ளியில் கேட்கக்கூடும். லைன் வீட்டில் உள்மீட்டர் வைத்து வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார், இலவசம் இவர்கள் கைக்கு வருவதில்லை. அதனால், "வீட்டு உரிமையாளரிடம் செலுத்துவது" என்று அந்த வரியிலேயே எழுதச் சொன்னேன். கேள்வி வரும் இடத்தில் இரண்டு சொல் கூடுதலாக எழுதினால் போதும்.

எல்லாவற்றையும் எழுதிக் கூட்டியபோது அப்பாவின் முதல் கணக்கில் செலவு 16,000 வந்தது, வருமானம் 12,600. துண்டு 3,400 ரூபாய். அவருக்கு அது நல்ல பட்டியலாகத் தோன்றியது. நான் சந்தேகப்பட்டேன். மாதம் 3,400 துண்டு விழுகிற வீட்டுக்கு அந்தப் பணம் எங்கிருந்தோ வர வேண்டும். நகை அடகா, மச்சான் கொடுக்கிறாரா, கடையில் கடனா? அதைச் சொல்லாத துண்டை யாரும் நம்ப மாட்டார்கள். உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. அவர் பெரும்பாலும் போன வருடச் செலவையே எழுதியிருந்தார். இப்போது பிள்ளைகள் வேனில் போவதில்லை, பாட்டியோடு நடந்து போகிறார்கள். பால் ஒரு லிட்டர் அரை லிட்டராகிவிட்டது. கறி எடுப்பது நின்றுவிட்டது. வீடு ஏற்கெனவே சுருங்கி வருமானத்துக்குள் வந்திருந்தது, அது அவருக்கே உறைக்கவில்லை. அப்படிச் சுருங்கியதைக் காட்டினால் போதும், அதைவிட வலுவாக வேறு எதையும் எழுத முடியாது.

கடைசியில் தயாரான அட்டவணை இது. கடிதத்தின் பின்பக்கத்தில், இந்த அளவில்தான் இருந்தது.

| விவரம் (மாதச் சராசரி, ரூபாய்) | 2024 ஆக.–நவ. | 2025 ஆக.–நவ. |
|---|---|---|
| தந்தை, வாரக்கூலி | 18,900 | 11,200 |
| தாய், வீட்டில் பீஸ் வேலை | 3,000 | 1,400 |
| மொத்த வருமானம் | 21,900 | 12,600 |
| வீட்டு வாடகை | 3,500 | 3,500 |
| மின்சாரம், தண்ணீர் (வீட்டு உரிமையாளரிடம் செலுத்துவது) | 500 | 500 |
| மளிகை, பால், காய்கறி (ரேஷன் அரிசி நீங்கலாக) | 5,200 | 3,900 |
| சமையல் எரிவாயு | 600 | 600 |
| தாயாரின் சர்க்கரை, ரத்த அழுத்த மருந்து | 600 | 600 |
| பெட்ரோல் | 800 | 500 |
| போன் ரீசார்ஜ் | 600 | 300 |
| மகளிர் குழுக் கடன் தவணை | 1,600 | 1,600 |
| பள்ளி வேன் | 1,400 | இல்லை |
| துணி, காய்ச்சல், விசேஷம் | 1,000 | 300 |
| மொத்தச் செலவு | 15,800 | 11,800 |
| மீதம் | 6,100 | 800 |

போன வருடம் 6,100 மீதத்தில் மாதம் 4,167 வீதம் பள்ளிக் கட்டணத்துக்குப் போயிற்று, 1,500 சீட்டுக்குப் போயிற்று. இந்த வருடம் நிற்பது 800. இந்த 800தான் கடிதத்தின் உயிர். கேட்கும் சலுகை, தரும் தவணை எல்லாம் இதிலிருந்துதான் வர வேண்டும். அவசரத்தில், "மாதம் 3,000 கட்டிவிடுகிறேன்" என்று எழுதிக் கொடுக்கும் அப்பாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது மாதமே தவறிவிடும். அதற்குப் பிறகு அவர் கவுன்ட்டர் பக்கம் வர வெட்கப்படுவார். வராத பெற்றோரைப் பற்றி அலுவலகத்தில் பேசும் தொனி வேறு. 800 மீதம் என்றால் 750க்கு மேல் வாக்குக் கொடுக்கக் கூடாது.

போனஸ் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை. திருப்பூரில் தீபாவளி போனஸ் வந்திருக்கும் என்பது பள்ளியின் காவலாளி முதல் தாளாளர் வரை எல்லோருக்கும் தெரியும். நவம்பரில் வரும் கடிதத்தில் போனஸ் பற்றிய பேச்சே இல்லையென்றால் ஒளிக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். கேட்டபோது 14,000 வந்தது என்றார். 5,000 குழுக்கடன் பாக்கிக்கு, 3,000 தீபாவளிக்கு, 6,000 பள்ளிக்கென்று அந்த அம்மா எடுத்து வைத்திருக்கிறார். அந்த 6,000 கடிதத்தோடு கூடவே போக வேண்டிய பணம். கையில் பணத்தோடு வந்து சலுகை கேட்பவரைத் தட்டிக்கழிப்பது கடினம்.

இனிக் கேட்க வேண்டிய தொகை. பாக்கி 30,000. இப்போது 6,000. மாதம் 750 வீதம் பன்னிரண்டு மாதம் 9,000. இரண்டும் சேர்ந்து 15,000. மீதி 15,000ஐக் குறைக்கக் கேட்பது. அவகாசம் வேறு, சலுகை வேறு. "கொஞ்சம் டைம் கொடுங்க" என்று மட்டும் கேட்டால் பள்ளி உடனே கொடுத்துவிடும், ஏனென்றால் பள்ளிக்கு அதில் நஷ்டம் இல்லை. ஆனால் 30,000ஐ 750 வீதம் கட்ட நாற்பது மாதம் ஆகும். வருமானம் தாமதமாக வருகிறவர் அவகாசம் கேட்கலாம். வருமானமே குறைந்தவர் அவகாசம் கேட்டால் பாக்கி வளரும், அவ்வளவுதான்.

இப்படித் தயாரான கடிதத்தை அப்படியே தருகிறேன்.

அனுப்புநர்
(தந்தை பெயர், முகவரி, கைபேசி எண்)

பெறுநர்
முதல்வர் அவர்கள்,
(பள்ளியின் பெயர், ஊர்)

நகல்: தாளாளர் அவர்கள்

நாள்: 10.11.2025

பொருள்: 2025-26 கல்வியாண்டுக் கட்டணப் பாக்கி ரூ.30,000இல் ரூ.15,000 சலுகையும், மீதியைத் தவணையில் செலுத்த அனுமதியும் வேண்டுதல் – 8ஆம் வகுப்பு (மகள் பெயர், சேர்க்கை எண்), 4ஆம் வகுப்பு (மகன் பெயர், சேர்க்கை எண்).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகளும் மகனும் தங்கள் பள்ளியில் மேற்கண்ட வகுப்புகளில் படிக்கிறார்கள். சென்ற கல்வியாண்டு வரை கட்டணம் முழுவதும் செலுத்தியுள்ளேன். இந்த ஆண்டுக் கட்டணம் ரூ.50,000இல் ஜூன் மாதம் ரூ.20,000 செலுத்தினேன். அது நாங்கள் சேர்த்து வந்த சீட்டுப் பணம்.

நான் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் வாரக்கூலிக்குத் தையல் வேலை செய்கிறேன். ஆகஸ்ட் மாதத்திலிருந்து ஆர்டர் குறைந்ததால் வாரத்துக்கு எட்டு, ஒன்பது ஷிப்ட் இருந்த வேலை சராசரியாக ஐந்துக்கும் குறைந்துவிட்டது. கடந்த 13 வாரங்களில் நான் பார்த்தது 60 ஷிப்ட். சென்ற ஆண்டு இதே காலத்தில் 105 ஷிப்ட். எங்கள் மாத வருமானமும் செலவும் பின்பக்க அட்டவணையில் உள்ளன. செலவு போக மாதம் ரூ.800 மீதமாகிறது.

தீபாவளி போனஸாக வந்த ரூ.14,000இல் கடன் பாக்கிக்கும் பண்டிகைக்கும் போக ரூ.6,000ஐப் பள்ளிக் கட்டணத்துக்காக வைத்துள்ளேன். அதை இக்கடிதத்துடன் செலுத்துகிறேன். டிசம்பர் 2025 முதல் நவம்பர் 2026 வரை மாதம் ரூ.750 வீதம் ரூ.9,000 செலுத்துகிறேன். மீதமுள்ள ரூ.15,000ஐச் சலுகையாகக் குறைத்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் முடிவை எழுத்தில் தெரிவித்தால் அதன்படி நடந்துகொள்வேன். வேலை பழைய நிலைக்கு வந்தால் தவணைத் தொகையைக் கூட்டிச் செலுத்துவேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: 13 வார ஷிப்ட் கணக்கின் நகல், நிறுவனக் கடிதம், குழுக் கடன் அட்டை நகல், ஜூன் மாதக் கட்டண ரசீது நகல், குடும்ப அட்டை நகல்.

இந்தக் கடிதத்தைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பக் கூடாது என்று உறுதியாகச் சொன்னேன். மகள் அதை வகுப்பாசிரியரிடம் தருவாள், மேசை மேல் கிடக்கும், பக்கத்துப் பெஞ்சுப் பெண் படிப்பாள். எட்டாம் வகுப்புக் குழந்தைக்கு அது எவ்வளவு நாள் ஆறாது என்பதைக் கவுன்ட்டரிலிருந்து பார்த்திருக்கிறேன். உறையில் போட்டு அப்பாவோ அம்மாவோ நேரில் போய், இன்னொரு நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். நேரமும் முக்கியம். அரையாண்டுத் தேர்வு நெருங்கும் டிசம்பரில் பள்ளி பாக்கி வசூலில் முழு மூச்சாக இறங்கியிருக்கும். நவம்பர் முதல் பாதியில் போகும் கடிதம் கோரிக்கை, டிசம்பரில் போவது சாக்கு.

பள்ளியின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சுயநிதிப் பள்ளிக்கு ஆசிரியர் சம்பளம் முழுக்கப் பெற்றோர் கட்டும் பணத்திலிருந்துதான் வருகிறது. கொரோனா நேரத்தில், 2021 ஜூலையில், வருமானம் பாதிக்காத பெற்றோரிடம் 85 சதவீதமும் பாதிக்கப்பட்டவர்களிடம் 75 சதவீதமும் வாங்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. யார் எந்தப் பக்கம் என்று பிரிக்க நாங்கள் கடிதங்களைக் குவித்து வைத்துப் படித்தோம். பாதிக்கப்பட்டவர்களில் நிறையப் பேர் அதைத் தாளில் காட்டத் தெரியாமல் நின்றார்கள். கணக்கோடு வந்தவர்கள் சீக்கிரம் முடித்துக்கொண்டு போனார்கள். அந்த அநியாயம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இந்தக் கட்டுரை எழுத அதுவும் ஒரு காரணம்.

சட்டத்தில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. தனியார் பள்ளிக் கட்டணத்தை 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. பாக்கி என்று சொல்லப்படும் தொகை அந்த நிர்ணயத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சலுகை கேட்கத் தொடங்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் இப்போது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பலர் கேட்கிறார்கள். அது தொடக்க வகுப்பில் சேரும்போது மட்டும். நடுவில் மாற முடியாது. பாக்கிக்காக 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தி அவமானப்படுத்துவதை அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. மாற்றுச் சான்றிதழை நிறுத்தி வைத்துக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இவை எதையும் முதல் கடிதத்தில் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. உதவி கேட்கும் தாளில் சட்டப்பிரிவைக் கண்டால் தாளாளர் அதை வக்கீலிடம் அனுப்பிவிடுவார்.

பதினைந்து நாளில் அழைப்பு வந்தது. 15,000 இல்லை, 12,000 குறைக்கிறோம் என்றார்கள். இரண்டு பிள்ளைகள் என்பதால் அவ்வளவு என்று முதல்வர் சொன்னாராம். அப்பா அங்கேயே "சரிங்க சார்" என்று சொல்லிவிடாமல், கூடுதலாக வரும் 3,000க்கு மாதம் 750 வீதம் இன்னும் நான்கு மாதம் சேர்த்துக் கேட்டிருக்கிறார். பன்னிரண்டு மாதம் பதினாறானது. கையில் கணக்கு இருந்ததால் அந்த இடத்தில் அவருக்குத் தடுமாற்றம் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு வேலை பாக்கி இருந்தது, கவுன்ட்டரில் இருந்தவளாக எனக்கு இதுதான் பெரிய கவலை. முதல்வர் வாயால் சொன்ன சலுகை கட்டணப் பேரேட்டில் ஏறாது. ஏப்ரலில் கம்ப்யூட்டர் பட்டியல் எடுக்கும்போது பழைய பாக்கியே வந்து நிற்கும், முதல்வர் மாறியிருந்தால் சொன்னதற்குச் சாட்சியும் இல்லை. கடிதத்தின் மேலேயே "ரூ.12,000 சலுகை அனுமதி" என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, அதன் நகலைக் கவுன்ட்டரில் கொடுத்து, புதிய ரசீது கேட்கச் சொன்னேன். அந்த ரசீதில் பாக்கி என்ற கட்டத்தில் 12,000 என்று வந்ததா என்று பார்க்கச் சொன்னேன். முதல் ரசீதில் 24,000 என்று வந்தது. செலுத்திய 6,000 ஏறியிருந்தது, சலுகை ஏறவில்லை. அந்த அம்மா அங்கேயே நின்று திருத்தி வாங்கி வந்தார்.

அட்டவணை பள்ளிக்குச் சொன்னது இவ்வளவுதான். வீட்டுக்கு இன்னொன்றும் சொன்னது. மீதமாகும் 800இல் 750 பழைய பாக்கிக்குப் போகிறது. 2026 ஜூனில் புதிய கட்டணம் 50,000 வரும்போது அதற்கு மாதம் 50 ரூபாய்தான் இருக்கும். இந்தச் சலுகை வாங்கித் தந்தது பிள்ளைகள் ஏப்ரல் வரை கலங்காமல் படிக்கிற நேரத்தை மட்டும். டிசம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அதே நோட்டை வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தோம். ஜூனில் மகளை ஒன்பதாம் வகுப்புக்கு அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் சேர்ப்பது என்றும், மகனையும் கூடவே அரசுப் பள்ளிக்கு மாற்றிவிடுவது என்றும் முடிவானது. மகன் ஆறாம் வகுப்புக்கு முன்பே மாறுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. மருத்துவம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும், கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததைக் கேட்கின்றன. அவனுக்கு அந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறது. மகளுக்கு ஆறு, ஏழு, எட்டு தனியாரில் முடிந்துவிட்டது. அதைச் சொன்னபோது அந்த அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மொதல்லயே கணக்குப் போட்டிருக்கோணுங்க்கா" என்றார்.

டிசம்பர் தவணையும் ஜனவரித் தவணையும் கட்டியாயிற்று. ரசீதில் பாக்கி 10,500 என்று இருக்கிறது. அந்த அம்மா நோட்டில் இப்போது ஷிப்ட் கணக்குக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டிருக்கிறார். மாதத்தின் முதல் சனிக்கிழமை கவர் வந்ததும் 750ஐ எடுத்து அரிசி டப்பாவில் தனியாக வைத்துவிட்டு அந்தக் கோட்டில் ஒரு டிக் போடுகிறார்.